ஒன்பது பேர் கம்பனியா, பெரிய கம்பனியா?

கேள்வி: "நான் களுவாஞ்சிகுடி. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் முடித்திருக்கிறேன். இரண்டு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று மட்டக்களப்பு டவுனில் ஒன்பது பேர் வேலை செய்யும் ஸ்டார்ட்அப், மாதம் 70,000. மற்றது கொழும்பில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் கம்பனி, அடிப்படை 80,000, பயணப்படி 15,000, இரண்டு வருடத்துக்குள் விலகினால் காசு கட்ட வேண்டும் என்று பொண்ட். வீட்டில் கொழும்புக்குத்தான் போ என்கிறார்கள். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

தங்கச்சி, கொழும்பில் ஒரு பெரிய மென்பொருள் கம்பனியில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது மட்டக்களப்பில் ஒரு சிறிய டீமை நடத்துகிறேன். புதிதாகப் படித்து முடித்து வருகிறவர்களை நேர்முகம் காண்பதும், அவர்களுக்கு நியமனக் கடிதம் எழுதுவதும் என் வேலையில் ஒரு பகுதி. அந்த இடத்திலிருந்து சொல்கிறேன். சம்பளக் கணக்கும் சட்டமும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. எங்கே வேலை பழகலாம் என்பது என் அனுபவத்தில் கண்டது, உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த ஒன்பது பேர் கம்பனி இன்னும் இரண்டு வருடத்தில் இருக்குமா என்பது ஊகம். அதையும் கொஞ்சம் நல்ல ஊகமாக ஆக்க வழி இருக்கிறது.

முதலில் காசு. கொழும்புக் கடிதத்தில் அடிப்படை 80,000. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈபிஎஃப்புக்கு, உங்கள் பங்கு எட்டு வீதம் 6,400 போகும். பயணப்படிக்கு ஈபிஎஃப் இல்லை என்று வைத்துக்கொண்டால் கையில் வருவது 88,600. மாதம் ஒன்றரை இலட்சத்துக்குக் கீழே இருப்பதால் இப்போதைய விதிப்படி வருமான வரி இல்லை. கம்பனி தன் பங்காக 12 வீதம் ஈபிஎஃப், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு, அதாவது ஈடிஎஃப்புக்கு, 3 வீதம் கட்ட வேண்டும். ஆக 9,600உம் 2,400உம். உங்கள் பெயரில் மாதம் 18,400 ரூபா நிதிகளில் சேரும். இனிச் செலவு. வெள்ளவத்தைப் பக்கம் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுக்கும் அறையில் உங்கள் பங்கு 20,000, சாப்பாடு 30,000, இரவு பஸ்ஸில் ஊருக்கு வந்து போகவும் கொழும்புக்குள் ஓடித் திரியவும் 8,000 என்று நான் போடுகிறேன். இது என் கணிப்பு, உங்களுக்குத் தெரிந்த யாராவது அங்கே இருந்தால் அவர்களிடம் கேட்டு உங்கள் தொகையைப் போடுங்கள். என் தொகைப்படி மிஞ்சுவது 30,600.

மட்டக்களப்பில் 70,000. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்து, மத்தியானச் சாப்பாடு கடையில் என்றால் 15,000 போதும். ஈபிஎஃப் பிடிக்காமல் முழுசாகக் கையில் தந்தால் 55,000 மிஞ்சும். ஒழுங்காக ஈபிஎஃப் பிடித்தால் உங்கள் பங்கு 5,600 போய் 49,400 மிஞ்சும், அத்துடன் நிதிகளில் மாதம் 16,100 சேரும். கையில் மிஞ்சுவதையும் நிதியில் சேர்வதையும் கூட்டிப் பாருங்கள். கொழும்பில் 49,000, இங்கே ஒழுங்கான கடிதம் என்றால் 65,500, ஈபிஎஃப் இல்லாத கடிதம் என்றால் வெறும் 55,000. ஆக, கடிதத்தில் 25,000 கூடுதலாகத் தெரிகிற கொழும்பு வேலை முதல் வருடத்தில் உங்களுக்கு அதிக காசு தரப்போவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். ஆனால் இரண்டாம், மூன்றாம் வருடம் என்று வரும்போது படம் மாறலாம். பெரிய கம்பனிகளில் வருடாந்த உயர்வுக்கு ஒரு முறை இருக்கும். சின்ன இடத்தில் அது முதலாளியின் மனதையும் அந்த வருட வருமானத்தையும் பொறுத்தது.

நீங்கள் "மாதம் 70,000" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மற்றதற்கு அடிப்படை, படி, பொண்ட் எல்லாம் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். இந்த வித்தியாசம்தான் என் கண்ணில் முதலில் பட்டது. ஸ்டார்ட்அப் உங்களுக்கு எழுத்தில் இன்னும் எதுவும் தரவில்லை, அல்லது தந்த தாளில் அந்த ஒரு தொகை மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்துச் சிறிய கம்பனிகளில் அடிக்கடி நடப்பது என்னவென்றால், புதிதாக வருகிறவருக்கு நியமனக் கடிதத்துக்குப் பதிலாக "ஆலோசகர் ஒப்பந்தம்" அல்லது "சேவை ஒப்பந்தம்" என்று ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதில் சம்பளம் என்ற சொல் இருக்காது, கட்டணம் என்று இருக்கும். ஈபிஎஃப் இல்லை, லீவு இல்லை, பதினைந்து நாள் அறிவித்தலில் நிறுத்தலாம் என்று இருக்கும். ஆனால் காலை ஒன்பது மணிக்கு வர வேண்டும், அவர்கள் தரும் லப்டொப்பில் அவர்கள் சொல்லும் வேலையைச் செய்ய வேண்டும், லீவுக்குக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. தாளுக்கு என்ன தலைப்பு வைத்தாலும், நடைமுறையில் நீங்கள் ஒருவரின் கட்டுப்பாட்டில், அவருடைய நேரத்துக்கு, அவருடைய கருவியில் வேலை செய்தால் நீங்கள் ஊழியர் என்றே பார்ப்பார்கள். 1958ஆம் ஆண்டின் ஈபிஎஃப் சட்டத்துக்கு ஒரே ஒரு ஊழியர் இருந்தாலே போதும், கம்பனி சின்னது என்பது சாக்கு இல்லை. தகுதிகாண் காலம் முடிந்த பிறகு ஈபிஎஃப் தருகிறோம் என்பதும் பிழை. முதல் நாளிலிருந்து கட்ட வேண்டும். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலை நிபந்தனைகளை உங்களுக்கு எழுத்தில் தர வேண்டியதும் அவர்கள் கடமைதான். அதனால் "நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளமும் ஈபிஎஃப்பும் போட்டுத் தருவீர்களா" என்று கேட்பது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. நல்ல முதலாளி உடனே தருவார். "எங்களிடம் எல்லாரும் குடும்பம் மாதிரி, அதெல்லாம் பிறகு பார்ப்போம்" என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈபிஎஃப்பைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்கு ஓய்வுகாலம் மட்டும் காரணம் இல்லை. பெண்களுக்கு அது ஐம்பது வயதில்தான் கைக்கு வரும், இருபத்து நான்கு வயதில் அதை நினைத்து யாரும் வேலை எடுப்பதில்லை என்று எனக்கும் தெரியும். ஒரு சின்னக் கம்பனியின் உடல்நிலையை உள்ளே இருந்து அறிய அதைவிட நல்ல அடையாளம் கிடையாது என்பதுதான் காரணம். ஒரு மாதத்துக்கான ஈபிஎஃப்பை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். காசு முடைப்படும்போது முதலாளி சம்பளத்தை நிறுத்தமாட்டார், அது உடனே எல்லாருக்கும் தெரிந்துவிடும். முதலில் நிற்பது ஈபிஎஃப் கட்டுவதுதான். உங்கள் சம்பளத் துண்டில் எட்டு வீதம் கழித்திருக்கும், கணக்கில் வந்து சேர்ந்திருக்காது. அதற்குப் பிறகுதான் சம்பளத் தேதி மாதக் கடைசியிலிருந்து ஐந்தாம் தேதிக்கும், பத்தாம் தேதிக்கும் தள்ளும். சம்பளத்தை மாதம் முடிந்து பத்து நாளுக்குள் தந்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே எங்கே சேர்ந்தாலும், மூன்று மாதம் கழிந்ததும் உங்கள் அங்கத்துவ இலக்கத்தை வைத்துக் கணக்கில் மிகுதி எவ்வளவு என்று மத்திய வங்கியின் ஈபிஎஃப் பகுதியில் பார்த்துவிடுங்கள். வந்து சேரவில்லை என்றால் முதலில் உள்ளே கேளுங்கள், சில நேரம் பெயரிலோ அடையாள அட்டை இலக்கத்திலோ பிழை இருக்கும். இரண்டு தரம் கேட்டும் மழுப்பினால் மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அதோடு வேறு வேலை தேடவும் தொடங்குங்கள்.

இன்னொரு விஷயம், பதினைந்து என்ற இலக்கம். பலருக்கு இது தெரியாது. 1971ஆம் ஆண்டு வந்த ஊழியர் வேலை முடிவுறுத்தல் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் பொருந்துவதற்கு, அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் சராசரியாகப் பதினைந்து பேராவது அங்கே வேலை செய்திருக்க வேண்டும். நீங்களும் முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஒன்பது பேர் கம்பனி இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. ஒரு கிளையன்ட் போய்விட்டது, ஆட்களைக் குறைக்கிறோம் என்றால் அவர்கள் ஆணையாளரிடம் போகத் தேவையில்லை. அநியாயமாக நிறுத்தினார்கள் என்று தொழில் நியாய சபைக்கு நீங்கள் போகலாம், அந்த வழி சின்ன இடத்துக்கும் இருக்கிறது, ஆனால் அதற்கு நாள் எடுக்கும். பணிக்கொடைக்கும் இதே பதினைந்துதான் கோடு. அதற்கு மேல் ஐந்து வருடச் சேவையும் வேண்டும் என்பதால், முதல் வேலையைத் தெரிவுசெய்ய அதை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். வீட்டில் "பெரிய கம்பனி என்றால் பாதுகாப்பு" என்று சொல்வதில் சட்டப்படி உண்மை இருக்கிறது. அந்த உண்மையின் அளவு இவ்வளவுதான். கொழும்பிலும் முதல் ஆறு மாதத்துக்கு இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை.

சரி, இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். முதல் இரண்டு வருடத்தில் நீங்கள் எழுதும் கோட் வரிகளை யார் வாசித்துத் திருத்தப் போகிறார்? என் நேர்முகங்களில் இரண்டு வருட அனுபவத்தோடு வருகிறவர்களைப் பிரித்துக் காட்டுவது இதுதான். பெரிய இடமா சின்ன இடமா என்பது அவ்வளவு தெரிவதில்லை. யாராவது வாசித்துத் திருத்திய பிள்ளையா, தனியே விடப்பட்ட பிள்ளையா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நல்ல கெட்டிக்காரப் பொடியன் ஒருவன், ஊரில் ஒரு சின்னக் கம்பனியில் முதல் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த சில வாரத்திலேயே மெல்பேர்னில் இருக்கும் ஒரு சலூனுக்கு நேரம் பதிவுசெய்யும் தளத்தை அவனிடம் முழுசாகக் கொடுத்துவிட்டார்கள். அவன் அதை எழுதி முடித்தான், வேலையும் செய்தது. நேரத்தை இலங்கை நேரத்தில் சேமித்துவிட்டு, காட்டும்போது நாலரை மணித்தியாலத்தைக் கூட்டிக் காட்டினான். யூன், யூலையில் அது சரி. மெல்பேர்ன் எங்களைவிட அப்போது நாலரை மணித்தியாலம் முன்னே. ஒக்டோபர் முதல் ஞாயிறு அங்கே கோடைகாலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். திங்கட்கிழமை காலையில் எல்லாப் பதிவும் ஒரு மணித்தியாலம் பிழை. வாடிக்கையாளர்கள் வந்து வாசலில் நிற்கிறார்கள், கிளையன்ட் தொலைபேசியில் கத்துகிறார். அவன் இரவிரவாக இருந்து நாலரையை ஐந்தரை என்று மாற்றி லைவில் போட்டான். பிரச்சினை தீர்ந்தது, எல்லாரும் பாராட்டினார்கள். ஏப்ரல் முதல் ஞாயிறு அங்கே கடிகாரம் திரும்பி வந்தது, எல்லாம் மறுபடி பிழையானது.

இதில் அவனுடைய மூளைக்கு ஒரு குறையும் இல்லை. அனுபவமுள்ள ஒருவர் அந்தக் கோட் வரிகளை லைவுக்குப் போகும் முன் வாசித்திருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பார்: நேரத்தை உலகப் பொது நேரமான `UTC` இல் சேமி, காட்டும்போது `Australia/Melbourne` என்ற வலயப் பெயரைக் கொடு, கூட்டல் கழித்தலை நேரக் கணக்குக்கான மென்பொருள் நூலகம் பார்த்துக்கொள்ளும். அந்த ஒரு வரியை அவன் வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டான். அப்படி ஒரு வரி சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அவன் இரண்டு வருடம் இருந்தான். சுயவிபரத்தில் பதினைந்து தளங்களின் பெயர் இருந்தது. எல்லாம் அவனே செய்தவை. ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒரு படி உள்ளே போய்க் கேட்டால் பதில் இல்லை. தானே முட்டி மோதிப் படித்தால் நன்றாக மனதில் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். பிழை கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது உண்மை. மேலே சொன்ன பிழை ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கடவுச்சொல்லைப் பிழையாகச் சேமிப்பது, காப்புப் பிரதி எடுத்து அதை ஒருநாளும் திரும்ப ஏற்றிப் பார்க்காமல் விடுவது போன்றவை வருடக்கணக்கில் தெரியாமலே இருக்கும்.

அப்படியானால் கொழும்புப் பெரிய கம்பனியில் இது தானாகக் கிடைத்துவிடுமா என்றால், இல்லை. பொதுவாக அங்கே புதியவர்களை ஒரு தொகுதியாக எடுத்து முதல் சில மாதம் பயிற்சி தருவார்கள். கோட் வரிகளை இன்னொருவர் பார்க்காமல் உள்ளே போகவிடாத முறை இருக்கும். அது பெரிய நன்மை. அதன் பிறகு எந்த ப்ரொஜெக்ட்டில் போடுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ஒரு வங்கியின் பத்துப் பதினைந்து வருடப் பழைய மென்பொருளில் ஒரு மூலையைக் கொடுத்து, வருகிற முறைப்பாடுகளைத் திருத்தச் சொல்வார்கள். சிலரை ப்ரொஜெக்ட் இல்லாமல் மாதக்கணக்கில் உட்கார வைப்பார்கள். சிலரை அமெரிக்க நேரத்துக்கு இரவு வேலையில் போடுவார்கள். அப்படி இரண்டு வருடம் போனவர்களையும் நான் நேர்முகம் கண்டிருக்கிறேன். ஒழுங்கு தெரியும், ஆனால் வெற்றுத் தாளிலிருந்து ஒன்றைத் தொடங்கச் சொன்னால் தடுமாறுவார்கள். ஆறு மாதத்தில் அதைப் பழக்கிவிடலாம் என்பது என் அனுபவம். தனியே பழகிய பிழைகளை மறக்கடிக்க அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கிறது. இதில் என்னோடு முரண்படுகிறவர்கள், குறிப்பாகத் தாங்களே கம்பனி தொடங்கியவர்கள், இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கிளையன்ட்டோடு நேரே பேசுவது, விலை சொல்வது, ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை கொண்டுபோவது எல்லாம் சின்ன இடத்தில்தான் முதல் வருடத்திலேயே கிடைக்கும்.

ஆகவே ஒன்பது பேர் கம்பனியிடம் நான் கேட்கச் சொல்வது இதுதான். அந்த ஒன்பது பேரில் ஐந்து வருடத்துக்கு மேல் கோட் எழுதியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் கம்பனி நடத்துகிறவரைக் கழித்துவிட்டால் எத்தனை பேர்? நடத்துகிறவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவர் பகல் முழுக்க கிளையன்ட்டோடு இருப்பார். உங்கள் கோட் வரிகளைப் பார்க்க இரவு பத்து மணிக்குத்தான் நேரம் கிடைக்கும், அல்லது கிடைக்காது. அப்புறம், ஒரு அரைநாள் ஒபிஸில் வந்து உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். கடைசியாகச் சேர்ந்த ஜூனியரின் ஒரு மாற்றத்தையும், அதற்கு சீனியர் எழுதிய குறிப்புகளையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். கிளையன்ட்டின் இரகசியம் என்று தயங்கினால், பெயரை மறைத்துக் காட்டலாம். முப்பது வரி மாற்றத்துக்குக் கீழே பத்துக் குறிப்பு இருந்தால் அது உங்களுக்கு நல்ல இடம். எல்லாவற்றுக்கும் கீழே "சரி" என்று ஒரு சொல் மட்டும் இருந்தால், அல்லது அப்படி ஒரு பக்கமே இல்லாமல் நேரே சேர்வரில் ஏற்றுகிறார்கள் என்றால், அங்கே உங்களுக்கு ஆசிரியர் இல்லை.

இனிக் கம்பனியின் ஆயுள். மட்டக்களப்பில் ஸ்டார்ட்அப் என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு வேலை செய்து கொடுக்கும் சேவைக் கம்பனிகள். சொந்தமாக ஒரு பொருளைச் செய்து விற்பவை குறைவு. இரண்டுக்கும் ஆபத்து வேறு வேறு. சேவைக் கம்பனி என்றால் கேட்க வேண்டியது, எத்தனை கிளையன்ட், அதில் பெரியவர் மொத்த வருமானத்தில் எவ்வளவு பங்கு என்பது. பாதிக்கு மேல் ஒருவரிடமிருந்து வருகிறதென்றால், அந்த ஒருவரின் முடிவில்தான் உங்கள் சம்பளம் தொங்குகிறது. டொலரில் வாங்குகிறார்கள் என்பது நல்லதுதான். 2022இல் ரூபா விழுந்தபோது டொலர் வருமானம் இருந்த சின்னக் கம்பனிகளும் நின்று பிடித்ததைப் பார்த்தோம். ஆனால் ஒரே கிளையன்ட் போனால் டொலரும் சேர்ந்து போய்விடும். சொந்தப் பொருள் செய்கிற கம்பனி என்றால், கையிலிருக்கும் காசு எத்தனை மாதச் சம்பளத்துக்குப் போதும் என்று கேளுங்கள். துல்லியமான தொகை சொல்லத் தேவையில்லை. ஆறு மாதமா, ஒரு வருடமா என்று சொல்ல முடியாதவர் ஒன்றில் கணக்குப் பார்ப்பதில்லை, அல்லது பார்த்துப் பயந்து போயிருக்கிறார். கம்பனி உண்மையிலேயே பதியப்பட்டதா என்று கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், தனியார் கம்பனி என்றால் இலக்கம் `PV` என்று தொடங்கும். கம்பனியாகப் பதியாமல் தனி வியாபாரமாக நடத்துவதும் குற்றமில்லை, ஆனால் அதைக் கம்பனி என்று சொல்லி உங்களுக்குப் பங்கு தருவேன் என்றால் யோசியுங்கள். பங்கு பற்றி வாயால் சொல்வது எதையும் உங்கள் கணக்கில் பூச்சியமாகவே போடுங்கள்.

கொழும்புக் கடிதத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது பொண்ட். எவ்வளவு தொகை, மாதம் போகப் போக அது குறைந்துகொண்டு வருமா, கடைசி மாதத்தில் விலகினாலும் முழுத் தொகையா என்று வாசியுங்கள். குறைந்துகொண்டு வந்தால் அது நியாயமான பொண்ட். முழுத் தொகை கடைசி வரை நிற்கிறதென்றால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரிய கம்பனி ஒருவருக்காகக் கடிதத்தை மாற்றுவது அரிது, ஆனால் கேட்பதால் வேலை போகாது. அவர்கள் உங்களை நிறுத்தினால் பொண்ட் செல்லாது என்று அதில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிணைக்கு அப்பாவையோ மாமாவையோ கையெழுத்துப் போடச் சொன்னால், அவர்களுக்கும் தொகையை வாசித்துக் காட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் மூலப் பட்டச் சான்றிதழைக் கொடுத்து வைக்க வேண்டாம், காட்டிவிட்டுப் பிரதியைக் கொடுங்கள். அதோடு எந்தப் பிரிவு, எந்த மொழி, இரவு வேலை உண்டா என்றும் கேளுங்கள். "பயிற்சிக்குப் பிறகு தீர்மானிப்போம்" என்றுதான் பதில் வரும். அப்படியானால் கடந்த வருடம் எடுத்த தொகுதியினர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வந்தாறுமூலையிலிருந்தும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தும் அங்கே போனவர்கள் கட்டாயம் யாராவது இருப்பார்கள், உங்கள் மூத்த தொகுதிக்காரர் ஒருவரைப் பிடித்துப் பேசுவது கம்பனியின் பதிலைவிடப் பயன்படும்.

இவ்வளவையும் வைத்து என் முடிவைக் கேட்டால்: அந்த ஒன்பது பேரில், நடத்துகிறவரைத் தவிர்த்து, அனுபவமுள்ள ஒருவராவது உங்கள் கோட் வரிகளை நாள்தோறும் பார்ப்பார், நியமனக் கடிதம் ஈபிஎஃப்போடு வரும், ஒரே கிளையன்ட்டில் கம்பனி தொங்கவில்லை என்ற மூன்றும் சரியாக இருந்தால் நான் மட்டக்களப்பில் சேரச் சொல்வேன். காசும் கூட மிஞ்சும், வேலையும் அகலமாகப் பழகலாம். முதலாவது இல்லை என்றால், மற்ற இரண்டும் இருந்தாலும் கொழும்புக்குப் போங்கள், பொண்ட் முடியும் வரை இருந்து ஒழுங்கைப் பழகிவிட்டு வாருங்கள். அப்போது இந்தச் சின்னக் கம்பனிகளுக்கு நீங்களே அந்த அனுபவமுள்ள ஆளாக இருப்பீர்கள், சம்பளமும் வேறாக இருக்கும். முதலாவது இருந்து ஈபிஎஃப் மட்டும் இல்லை என்றால், கேட்டுப் பாருங்கள். கேட்டபின் போட்டுத் தருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தெரியாமல் விட்டவர்களும் உண்டு. கிளையன்ட் ஒருவர்தான் என்றால், சீனியர் நல்லவராக இருக்கும் பட்சத்தில் நான் துணிந்து போகச் சொல்வேன், ஏனென்றால் வீட்டிலிருந்து போய் வருகிற உங்களுக்கு வேலை போனாலும் அறை வாடகை கட்ட வேண்டியதில்லை. வீட்டுக் கடன் ஏதும் உங்கள் சம்பளத்தை நம்பி இருந்தால் அது வேறு, அதை நீங்கள் எழுதவில்லை.

பத்து நாள் இருக்கிறது. நாளைக்கே ஸ்டார்ட்அப்புக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், தொலைபேசியில் கேட்க வேண்டாம், பதில் எழுத்தில் இருக்கட்டும். "வாய்ப்புக்கு நன்றி. முடிவு எடுப்பதற்கு முன் மூன்று விஷயம் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளமும் ஈபிஎஃப், ஈடிஎஃப் விபரமும் இருக்குமா? என் வேலையை நாளாந்தம் பார்வையிடுபவர் யார்? இந்தக் கிழமை ஒரு அரைநாள் அலுவலகத்துக்கு வந்து டீமைச் சந்திக்கலாமா?" இவ்வளவு போதும். கிளையன்ட் பற்றிய கேள்வியை நேரில் போகும்போது கேளுங்கள். ஐந்தாம் நாள் வரை பதில் இல்லை என்றால் ஒரு தடவை நினைவூட்டுங்கள். எட்டாம் நாளும் இல்லை என்றால் கொழும்புக்கு ஓம் என்று எழுதிவிடுங்கள். கொழும்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பும்வரை ஸ்டார்ட்அப்பிடம் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம், மற்றப் பக்கமும் அப்படித்தான். பதில் வந்ததும், பெயரை மறைத்து இங்கே போடுங்கள், கடித வாசகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.